பாட்டிக்கு: பேசுற AI செயலிகிட்ட பயிர் மருந்தளவு கேட்கும்போது

கோத்தகிரி வீட்டில யார் இருந்தாலும் இதை பாட்டிக்கு வாசிச்சுக் காட்டுங்க.

பாட்டி, செயலியில மைக் படத்தை ஒருதடவை தட்டிட்டு, போனை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சுப் பேசுங்க. தோட்டத்துல காத்தடிச்சா வீட்டுக்குள்ள வந்துடுங்க. அந்த இரைச்சல்ல பாதி வார்த்தையை அது விழுங்கிடும்.

உருளைக்கிழங்கு கருகலுக்கு மாங்கோசெப் கலக்கணும். "டேங்க் பதினாறு லிட்டர், லிட்டருக்கு ரெண்டு கிராம், மொத்தம் எவ்வளவு?"ன்னு கேட்டா 32 கிராம்னு வரணும். 12னு சொன்னா கணக்கு தப்பில்ல, "ஆறு லிட்டர்"னு காதுல வாங்கியிருக்கு. நீங்க பேசினது திரையில எழுத்தா வரும், முதல்ல அதைப் பாருங்க.

லிட்டருக்கு எத்தனை கிராம்ங்கிறதை மட்டும் மருந்து பாக்கெட்ல பார்த்து நீங்களே சொல்லுங்க. தெரியாத எண்ணையும் அது தயங்காத குரல்ல சொல்லும். "அஞ்சு கிராம்தானே?"ன்னு கேட்டா, நம்ம மாமா மாதிரி ஆமாம் போட்டாலும் போடும். புதுசா ஒரு உரையாடல் திறந்து, எண் சொல்லாம கேட்டுப் பாருங்க. வேற பதில் வந்தா ரெண்டையும் விட்டுடுங்க. ஒரே பதில் வந்தாலும் பாக்கெட்ல இருக்கிறதுதான் அளவு.

எழுத்து பொடிசா இருந்தா தோட்டக்கலை அலுவலகத்துல பாக்கெட்டைக் காட்டிக் கேளுங்க.