சனிக்கிழமை இரவு சேர்வர் மாற்றம்: சிலருக்கு மட்டும் பழைய தளம் தெரிவது ஏன்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு உங்கள் இணையத்தளங்களைப் புதிய சேர்வருக்கு மாற்றுகிறோம். மாற்றியதும் உப்புவெளியில் இருக்கும் உங்களுக்குப் புதிய தளம் திறக்கும், கொழும்பில் இருக்கும் விருந்தினருக்குச் சிறிது நேரம் பழையதே திறக்கக்கூடும். இது பழுது அல்ல. ஆனாலும் முன்பதிவுகள் வரும் தளங்கள் என்பதால் காரணத்தை முன்கூட்டியே விளக்கிவிடுகிறோம்.

ஒருவர் ஃபோனில் example.lk என்று தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபோனுக்குள் ஸ்டப் ரிசோல்வர் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது தானாக எங்கும் போய்த் தேடாது. "இந்தப் பெயருள்ள தளம் இருக்கும் சேர்வரின் எண் என்ன?" என்று ஒரே ஒரு சேர்வரிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அந்தச் சேர்வர்தான் ரிகர்சிவ் ரிசோல்வர். பெரும்பாலும் அது உங்கள் இணைய நிறுவனத்துடையதாகவோ 8.8.8.8 போன்ற பொதுச் சேர்வராகவோ இருக்கும்.

அலைச்சல் எல்லாம் இந்த ரிகர்சிவ் ரிசோல்வருக்குத்தான். கையில் எதுவும் இல்லையென்றால் அது முதலில் ரூட் சேர்வரிடம் போகும். ரூட்டுக்கு example.lk தெரியாது, .lk பெயர்களைக் கவனிக்கும் சேர்வர்கள் எவை என்று மட்டும் சொல்லும். அவற்றிடம் போனால், example.lk உடைய நேம்சேர்வர்கள் எவை என்ற விபரம் கிடைக்கும். கடைசியாக அந்த நேம்சேர்வரிடம், அதாவது நாங்கள் உங்களுக்காக வைத்திருக்கும் அத்தோரிட்டேட்டிவ் சேர்வரிடம் வந்து கேட்கும்போதுதான் உண்மையான பதில் கிடைக்கிறது:

```
example.lk.  86400  IN  A  192.0.2.10
```

இந்த 86400 தான் டிடிஎல். இந்தப் பதிலை எத்தனை விநாடி நினைவில் வைத்திருக்கலாம் என்பதை அது சொல்கிறது. இங்கே 24 மணித்தியாலம். அதுவரை யார் கேட்டாலும் ரிசோல்வர் எங்களிடம் வராமல், தன் கையிலிருப்பதையே கொடுக்கும். .lk சேர்வர்களின் விபரத்தையும் அது இப்படியே சேமித்து வைக்கிறது. ரூட் அதற்குத் தரும் அவகாசம் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். அதனால் ரூட் வரை போகவேண்டிய தேவை எப்போதாவதுதான் வரும்.

சிக்கல் இங்கேதான். கொழும்பிலுள்ள ஒரு ரிசோல்வர் சனி இரவு 10.50க்குப் பழைய எண்ணை வாங்கியிருந்தால், நாங்கள் 11 மணிக்கு மாற்றியது ஞாயிறு இரவு 10.50 வரை அதற்குத் தெரியாது. வெளியே போய்விட்ட பதிலைத் திருப்பி அழைக்க எங்களிடம் வழி இல்லை.

ஆகவே வியாழன் காலையிலேயே டிடிஎல்லை 300 ஆகக் குறைக்கிறோம். சனிக்கிழமை மாலை குறைத்தால் பயனில்லை, ஏனென்றால் அதற்குமுன் 86400 உடன் வாங்கியவர்கள் அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். வியாழன் குறைத்தால் வெள்ளி காலைக்குள் பழைய பதில்கள் காலாவதியாகிவிடும். பிறகு 11 மணிக்கு எண்ணை 198.51.100.20 என்று மாற்றும்போது, பெரும்பாலானவர்களுக்கு 11.05க்குள் புதிய தளம் திறக்கும். எல்லாம் சீரானதும் டிடிஎல்லைப் பழையபடி கூட்டிவிடுவோம்.

டிடிஎல்லை மதிக்காத ரிசோல்வர்களும், பழைய எண்ணை விடாத பிரவுசர்களும் சில உண்டு. அவர்களுக்காகப் பழைய சேர்வரை ஒரு வாரம் நிறுத்தமாட்டோம். அங்கே பழைய பக்கம் தெரிந்தாலும், வரும் முன்பதிவுகள் புதிய சேர்வருக்கே அனுப்பப்படும் என்பதால் எதுவும் தவறாது. நேம்சேர்வர்களையும் மின்னஞ்சல் பதிவுகளையும் தொடவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிலருக்கு booking என்று தொடங்கும் புதிய முகவரியும் தருகிறோம். நாங்கள் அறிவிக்கும்வரை அதைத் தட்டிப் பார்க்கவேண்டாம். இன்னும் உருவாக்காத பெயரைக் கேட்டால் NXDOMAIN, அதாவது "அப்படி ஒன்று இல்லை" என்ற பதில் வரும். அந்த "இல்லை"யையும் ரிசோல்வர் சேமித்து வைக்கும். பிறகு நாங்கள் உருவாக்கினாலும், அது காலாவதியாகும்வரை உங்கள் வீட்டில் திறக்காது.

11.05க்குப் பிறகும் பழையதே தெரிந்தால், விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து இவற்றைத் தட்டுங்கள். example.lk இருக்கும் இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்:

```
ipconfig /flushdns
Resolve-DnsName example.lk -Type A
```

முதல் வரி கணினியின் நினைவை மட்டுமே அழிக்கும், ரிசோல்வருடையதை அல்ல. இரண்டாவதில் வரும் எண்ணையும் TTL இன் கீழ் உள்ள விநாடியையும் பாருங்கள். பழைய எண்ணும் 212 போன்ற ஒரு மீதியும் தெரிந்தால், அந்த 212 விநாடி கழிய மறுபடி பாருங்கள். புதிய எண் வந்தும் பழைய பக்கமே தெரிந்தால், பிரவுசரை முழுதாக மூடித் திறக்கவேண்டும். ஆயிரக்கணக்கில் மீதி காட்டினால், அந்த இரண்டு எண்களையும் எந்த இணைய இணைப்பு என்பதையும் எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சேர்வர் பராமரிப்புப் பிரிவு, திருகோணமலை