ஹாய் என்று கூப்பிட்டுவிட்டு ஃபெயித்ஃபுல்லி என்று முடிக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போன வாரம் அனுப்பின இன்ஷூரன்ஸ் பேப்பர் வந்தது, பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டேன். மெயிலை அம்மாவிடம் காட்டினேன். மேலே "அப்பா, இதைப் பத்திரமா வைங்க" என்று இருக்கிறது, கீழே பார்த்தால் யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி, உன் முழுப் பெயர், பதவி, கம்பெனி லோகோ, இந்த மெயில் உங்களுக்கு இல்லையென்றால் அழித்துவிடவும் என்று ஒரு பத்தி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு, "இவ எதுக்குங்க நமக்கு ஆபீஸ் லெட்டர் போடறா, சண்டையா?" என்று கேட்டாள். சிரித்தேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன விஷயமும் இதேதான் என்று அப்புறம்தான் உறைத்தது.

உன் கிளையன்ட் அம்மா "எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று திடீரென்று கேட்டதாகச் சொன்னாயே, அந்த மெயிலை நீ படித்துக் காட்டியதை நான் குறித்து வைத்திருக்கிறேன், பெயரை மட்டும் விட்டுவிட்டேன்:

```
Hi M,
Sheet attached. Two rows still open,
will close them by Friday.

Yours faithfully,
```

நடுவில் இருப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஹாய் என்பது தோளில் கை போட்டுக் கூப்பிடுவது, யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி என்பது கை கட்டிக்கொண்டு தள்ளி நிற்பது. நாலே வரிக்குள் ஆள் மாறினால் படிக்கிறவர்கள் இடையில் என்னவோ நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள், அந்த ரெண்டு ரோவில்தான் ஏதோ பிரச்சினை என்று அவர் தேடியிருப்பார் பாவம். நீ பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" என்றுதானே முடிப்பாய், "அன்பு முத்தங்களுடன்" என்று ஒரு நாளாவது எழுதியிருப்பாயா? தமிழில் நமக்குத் தானாக வருவது இங்கிலீஷில் ஏன் தவறுகிறது என்றால், அதில் எந்தச் சொல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது நமக்குக் காதில் விழுவதில்லை.

எனக்கு இது டைப்ரைட்டிங் லோயர் படிக்கும்போதே தெரியும், ரெண்டாவது பேப்பரில் லெட்டர் ஒன்று வரும், மாஸ்டர் தலையில் தட்டிச் சொல்லிக் கொடுத்தது. டியர் சார், டியர் மேடம் என்று பெயர் இல்லாமல் ஆரம்பித்தால் ஃபெயித்ஃபுல்லி. டியர் மிஸ்டர் இன்னார் என்று பெயர் சொல்லிவிட்டால் சின்சியர்லி. ரெண்டு எஸ் ஒன்றாக வரக்கூடாது, அதாவது சாரும் சின்சியர்லியும் சேராது என்று ஞாபகம் வைத்துக்கொள்வோம். இது பிரிட்டிஷ்காரன் வழக்கம். அமெரிக்காக்காரன் ஃபெயித்ஃபுல்லியைப் பெரும்பாலும் எழுதவே மாட்டான், அவனுக்கு ரெண்டு இடத்திலும் சின்சியர்லிதான். உன் கிளையன்ட் அமெரிக்கா என்பதால் அந்த அம்மாவுக்கு இன்னும் விசித்திரமாக இருந்திருக்கும்.

தெரிந்தும் நானே இதில் மாட்டியிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஆபீசில் இருந்தபோது, வெளிநாட்டு பையர் ஒருவருக்கு சீசன் முழுக்க மெயில் போடுவது என் வேலை. ரெண்டு மாதத்தில் அவர் டியர் சாரிலிருந்து டியர் மிஸ்டருக்கு வந்து, அப்புறம் என் பெயரை மட்டும் சொல்லி பெஸ்ட் ரிகார்ட்ஸ் என்று முடிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன், ஆனால் கீழே சிக்னேச்சரில் யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி என்று கம்ப்யூட்டர் பையன் ஒரு தடவை போட்டு வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டே போனது, நான் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் கூழ் டிரம்கள் ரெண்டு நாள் தாமதமாகக் கிளம்பும் என்று சாதாரணமாகத்தான் எழுதினேன், அடுத்த மெயிலில் அவர் மறுபடி டியர் சார்ஸ் என்று ஆரம்பித்து, முதலாளிக்கும் காப்பி போட்டிருந்தார். போனில் பேசின பிறகுதான் சரியானது.

உனக்கும் அதேதான் நடக்கிறது. நீ கையால் அடிப்பது மேலே இருக்கும் கூப்பிடு வார்த்தையை மட்டும்; முடிவு வார்த்தை சிக்னேச்சருக்குள் பூட்டிக் கிடக்கிறது, அதனால் நீ யாரை எப்படிக் கூப்பிட்டாலும் கீழே ஒரே ஆள்தான் வந்து நிற்கிறார். கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறந்து, மேலே இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி See all settings போ, General பக்கத்தில் கீழே Signature இருக்கும். அதில் முடிவு வார்த்தையை மட்டும் அழித்துவிடு, பெயர், பதவி, நம்பர் இருக்கட்டும். அதன் அடியிலேயே புது மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், பதிலுக்கு வெறும் பெயர் மட்டும் உள்ள சிக்னேச்சர் ஒன்று செய்து வை. பக்கத்தின் அடிவரை போய் Save Changes அழுத்தாவிட்டால் எதுவும் நிற்காது, நான் ரெண்டு தடவை ஏமாந்தேன். போன் ஆப்பில் Mobile signature என்று தனியாக ஒன்று இருக்கிறது, அங்கேயும் பார்த்துவிடு.

அப்புறம் முடிவு வார்த்தையை ஒவ்வொரு தடவையும் நீயே அடி, ரெண்டு விநாடி. ஹாய் என்றால் தேங்க்ஸ் அல்லது பெஸ்ட் ரிகார்ட்ஸ் போதும். டியர் என்று பெயர் சொன்னால் ரிகார்ட்ஸ், கொஞ்சம் கெட்டியாக வேண்டுமென்றால் சின்சியர்லி. ரெஸ்பெக்டட் சார் என்று நம் ஊர் ஆபீசுக்கு எழுதினால் யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி பொருந்தும், வெளியூர்க்காரனுக்கு ரெஸ்பெக்டடே வேண்டாம். அந்த ஃபெயித்ஃபுல்லியில் முதல் எழுத்து சின்னது, யுவர்ஸில் அபாஸ்ட்ரஃபி கிடையாது, என் மேனேஜரே கடைசிவரை தப்பாகத்தான் எழுதினார்.

பேச்சு நீண்டு, அஞ்சாவது பதிலில் அந்த அம்மா ஹாய் கூட இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தால், நீயும் முடிவு வார்த்தையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போடு. மேலே ஒன்றுமில்லாமல் கீழே மட்டும் வார்ம் ரிகார்ட்ஸ் நின்றால் கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டு மாதிரி இருக்கும். அவர் ஒரு படி இறங்கி வந்தால் நீயும் ஒரு படி இறங்கு, அவருக்கு முன்னால் நீ இறங்காதே, வயசில் மூத்தவர் என்கிறாய்.

ஒன்றே ஒன்றில் ஜாக்கிரதை. ஹாய், பெஸ்ட் ரிகார்ட்ஸ் என்று போய்க்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு நாள் டியர் மிஸ் இன்னார் என்று ஆரம்பித்து ரிகார்ட்ஸ் என்று முடித்தால், மேலும் கீழும் பொருத்தமாகவே இருந்தாலும் கோபம் என்றுதான் படிக்கப்படும். பில் பாக்கிக்கு நாங்கள் இதை வேண்டுமென்றே செய்வோம், நன்றாக வேலை செய்யும். நீ தெரியாமல் செய்துவிடாதே.

அந்த அம்மாவுக்கு விளக்கம் எல்லாம் எழுத வேண்டாம், அடுத்த மெயிலைச் சரியாக முடி, போதும்.

பெங்களூரா மாங்காய் நாளைக்கு ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், ஊறுகாய்க்கு அம்மா பார்த்துப் பொறுக்கினது. வந்து சேர்ந்ததும் மெயில் வேண்டாம், போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா