கடைசி நாள்வரை வைத்திருக்காதே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

கந்தோர்ப் பயிற்சி முடிகிற அன்றைக்கே, உன் வேலையைப் பார்க்கிற சேரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுக்கொள்ளலாம் என்று போனில் சொன்னாய். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓய்வு பெறும்வரை எங்கள் கந்தோருக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கடிதங்களை எழுதிக் கொடுத்தவள் நான். கடைசி நாளில் வந்து நின்றால் கிடைப்பது "நேர்மையானவர், நேரம் தவறாதவர்" என்ற நாலு வரிதான். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

மூன்று கிழமைக்கு முன்பே கேள். பதவி பெரிது என்று மனேஜரிடம் போகாதே, அவருக்கு உன் முகமே நினைவிருக்காது. தினமும் உன் வேலையைத் திருத்திய சேர்தான் எழுத வேண்டும். மாத முடிவுக் கணக்கு ஓடுகிற நாட்களை விட்டு, ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து நேரில் கேள்: "சேர், முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் வேலையைப் பார்த்தவரையில் நல்லதாக ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா?" இப்படிக் கேட்டால் மறுக்கவும் அவருக்கு இடமிருக்கும். "பார்ப்போம்" என்று இழுத்தால் வற்புறுத்தாதே. அரைமனதோடு எழுதிய கடிதத்தை வாசிப்பவர் உடனே பிடித்துவிடுவார்.

சம்மதித்தால் அன்றைக்கே ஒரு பக்கத்தில் மின்னஞ்சல் போடு. பயிற்சி தொடங்கிய திகதி, முடியும் திகதி, எந்தப் படிப்பு, கடைசித் திகதி எது என்பதெல்லாம் இருக்கட்டும். முக்கியம் நீ செய்த வேலை. "வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரித்தேன்" என்றால் யாரும் எழுதுவது. காசேட்டு மீதியும் வங்கி மீதியும் ஒத்துவராமல், வங்கிக்கு இன்னும் போகாத காசோலைதான் காரணம் என்று எல்லோரும் விட்டபோது, நீ வவுச்சர்களைப் புரட்டி ஒரே வங்கிக் கட்டணம் இருமுறை பதிவாகியிருந்ததைக் காட்டினாயே, அதை எழுது. சேர் அன்றைக்குப் பாராட்டியிருப்பார், இப்போது மறந்திருப்பார். நினைவூட்டினால் அவர் கடிதத்தில் அதுவே முதல் பந்தியாக வரலாம்.

"நீயே எழுதிக் கொண்டு வா, கையொப்பம் வைக்கிறேன்" என்றும் சொல்லக்கூடும். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். அப்படியானால் நடந்ததை மட்டும் குறிப்பாகக் கொடு, மதிப்பீட்டை அவரையே எழுதச் சொல். உன் விண்ணப்பக் கட்டுரையும் கடிதமும் ஒரே எழுத்து நடையில் இருந்தால் சந்தேகம் வரும்.

பல பல்கலைக்கழகங்கள் கடிதத்தை உன் கையில் வாங்குவதில்லை. சேருக்கு நேரடியாக இணைப்பு அனுப்பும். அவருடைய கந்தோர் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக் கொடு, சொந்த ஜிமெயிலைச் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள். இணைப்பு ஸ்பாமில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். கடைசித் திகதிக்கு ஒரு கிழமை முன்னர் மரியாதையாக ஒருமுறை ஞாபகப்படுத்து.

சேவைச் சான்றிதழ் வேறு, அதை எச்.ஆர். பகுதியில் தனியாகக் கேள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா, திகதிகள் சரியா என்று அங்கேயே பார்த்துக்கொள். பிழையோடு ஊருக்கு வந்தால், திருத்த மறுபடி கொழும்புக்கு இரவு ரயில் ஏற வேண்டிவரும்.

அன்புடன்,
அம்மா