புலி மரங்களில் மணம் பூசுவது எதற்காக?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட முதுமலைப் பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். காட்டைப் பற்றிய வருணனையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் புலிகள் மரங்களைக் கீறுவதும் அவற்றின்மேல் நீரைப் பீய்ச்சுவதும் பற்றி அதில் வந்த ஒரு பத்தி வாசகர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். புலி தன் எல்லையைச் சுற்றிலும் இப்படி ஒரு வேலி போட்டுவிடுகிறது, அதைத் தாண்டி வேறு புலி வராது, ஆகவே இக்குறிகளை எண்ணினாலே ஒரு காட்டில் எத்தனை புலிகள் உள்ளன என்று சொல்லிவிடலாம் என்பது அப்பத்தியின் சாரம். இந்த மூன்று கூற்றுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. முதலாவது பிழையானால் மற்ற இரண்டும் நிற்கமாட்டா.

வேலி என்ற கருத்தை முதலில் பார்ப்போம். நேபாளத்தின் சித்வன் தேசியப் பூங்காவில் கழுத்தில் ரேடியோ பட்டை அணிவித்துப் புலிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அங்கு ஒரு பெண்புலியின் ஆட்சிப்பரப்பு சராசரியாகச் சுமார் 20 சதுர கிலோமீட்டர். அது வட்டமாக இருப்பதாகக் கொண்டால்கூட அதன் சுற்றளவு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வரும். உண்மையான எல்லை நெளிந்து வளைந்து செல்வதால் இன்னும் நீளமாகவே இருக்கும். வேட்டையாட வேண்டிய, பல மாதங்கள் குட்டிகளின் அருகிலேயே தங்க வேண்டிய ஒரு விலங்கு, இத்தனை நீள எல்லையில் எவரும் இடையே நுழைய முடியாதபடி மணத்தைப் பூசி, அது மங்கும் முன் புதுப்பித்துக்கொண்டே இருப்பது நடக்கக்கூடியதன்று. புலி அதற்கு முயல்வதும் இல்லை. அது நடக்கும் பாதைகளில்தான் குறிகளை இடுகிறது: வண்டித்தடங்கள், வறண்ட ஓடைப் படுகைகள், மலைமுகடுகளில் செல்லும் ஒற்றையடிப் பாதைகள், இவை ஒன்றோடொன்று சேரும் இடங்கள். புதர்களுக்குள் ஓசையெழ நுழைந்து செல்வதைவிட மென்மண் பாதையில் நடப்பதே புலிக்கு எளிது. தனக்கு எளிதான வழி பிற புலிகளுக்கும் எளிதே என்பதால், தன் செய்தியை அவை தவறாமல் சந்திக்கக்கூடிய இடம் பாதையோரம்தான். சித்வனில் ஜேம்ஸ் டேவிட் ஸ்மித், சார்லஸ் மெக்டூகல், டேல் மிக்கெல் ஆகியோர் செய்து 1989இல் வெளியான ஆய்வு இதையே காட்டியது. அண்டைப் புலிகளின் பரப்புகள் தொட்டுக்கொள்ளும் பகுதிகளில் குறிகள் அடர்ந்து இருந்தன.

அடுத்ததாக, அந்தச் செய்தி எதனால் ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதன் ஆயுளை நிர்ணயிப்பது அதன் வேதியியல்தான். சாதாரணமாகச் சிறுநீர் கழிக்கும்போது புலி பின்புறத்தைத் தாழ்த்திக் குந்துகிறது. குறியிடும்போது அப்படியன்று. நிமிர்ந்து நின்று, மரத்துக்கு முதுகைக் காட்டி, வாலை உயர்த்தி, பின்னோக்கியும் மேல்நோக்கியும் சிறிதளவு நீரைப் பீய்ச்சுகிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் கூண்டுப்புலி இப்படிச் செய்வதைக் கண்ட பெற்றோர், அது பார்வையாளர்கள்மேல் கோபம் கொண்டு செய்வதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். காட்டில் செய்வதையே அது அங்கும் செய்கிறது.

இந்நீர் மலவாயை ஒட்டிய சுரப்பிகளிலிருந்து வருகிறது என்ற கருத்து வெகுகாலம் நிலவியது. இது சிறுநீர்ப் பாதை வழியாகவே வெளிவருகிறது என்பதையும், சிறுநீரோடு கொழுப்புப் பொருள்கள் கலந்திருக்கின்றன என்பதையும் தெளிவுபடுத்தியவர்களில் முதன்மையானவர் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரத்தன் லால் பிரம்மச்சாரி. ஒடிசாவின் சிம்லிபால் புலிகள் காப்பகத்தின் இயக்குநராக இருந்த சரோஜ் ராஜ் சௌத்ரி, 1974இல் குட்டியாகக் கிடைத்த ‘கைரி’ என்ற பெண்புலியை ஜஷிப்பூரில் தம் வீட்டிலேயே கட்டிப்போடாமல் வளர்த்தார். காட்டுப்புலியின் நீரைப் பிடித்து வைப்பது இயலாத காரியம். கைரி இருந்ததால்தான் பிரம்மச்சாரிக்கும் அவருடன் பணியாற்றிய ஜோதிர்மய் தத்தாவுக்கும் அது கைகூடியது. அவர்களின் ஆய்வுத்தொடர் 1990இல் ஒரு வியப்பான கண்டுபிடிப்பில் வந்து நின்றது. புலியின் குறிநீரில் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற மூலக்கூறு இருக்கிறது. பாசுமதி அரிசிக்கும் ரம்பை இலைக்கும் மணம் தருவதும் இதே மூலக்கூறுதான். புலி அண்மையில் சென்ற தடத்தில் வேகவைத்த வாசனை அரிசியின் மணம் வீசுவதாகக் காட்டில் பணிபுரிவோர் சொல்வது கற்பனையன்று.

இத்தகைய மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகிவிடுபவை. தனியே விட்டால் விரைவில் காற்றோடு போய்விடும். அங்குதான் கொழுப்பின் பணி தொடங்குகிறது. அத்தர் தயாரிப்பவர்கள் மலரின் மணத்தைச் சந்தன எண்ணெயில் ஏற்றிப் பிடித்துவைப்பது போல, மரப்பட்டையில் படிந்த கொழுப்புப் படலம் மணத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக வெளியிடுகிறது. மழையும் அதை எளிதில் கழுவிவிடுவதில்லை. சித்வனில் புலிகள் சாய்ந்து வளர்ந்த மரங்களை விரும்பித் தேர்ந்தெடுத்து, அவற்றின் அடிப்பக்கத்தில் பீய்ச்சியதும் இதனோடு பொருந்திவருகிறது. சாய்வின் கீழ்ப்புறம் வெயிலும் மழையும் நேரே படாத இடம். அங்கு மணம் நீடித்திருக்கும். இத்தனை ஏற்பாடு இருந்தும் அம்மணம் சில வாரங்களில் மங்கிவிடுகிறது. மங்கும் அந்தத் தன்மையைத்தான் கட்டுரையாளர் கணக்கில் கொள்ளவில்லை.

ஒரு புலி இத்தகைய மரத்தை எதிர்கொள்ளும்போது நடப்பதைப் பாருங்கள். அது முகர்கிறது, பிறகு மேலுதட்டைச் சுருக்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கிறது. பார்ப்பதற்கு அருவருப்பில் முகம் சுளிப்பது போலிருக்கும். உண்மையில் மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்கு மணத்தைச் செலுத்துகிறது. இட்டது ஆணா பெண்ணா, முன்பே அறிந்த புலியா, பெண் என்றால் இணைசேரும் பருவம் நெருங்குகிறதா என்பதோடு, குறி எவ்வளவு பழையது என்பதும் அதற்குத் தேவை. புதிய மணம் என்றால் உரிமையாளர் அருகில் இருக்கிறது. பழைய மணம் என்றால் வேறெங்கோ சென்றிருக்கிறது. மணமே இல்லையென்றால் அவ்விடம் ஒருவேளை காலியாகியிருக்கலாம். இதை அறிந்தபின் அது திரும்பிப் போகலாம், அந்த மரத்திலேயே தானும் பீய்ச்சலாம், அல்லது நேரே நடந்து உள்ளேயே செல்லலாம். தடுத்து நிறுத்தும் ஆற்றல் மணத்துக்குக் கிடையாது. காயம்பட்ட புலியால் வேட்டையாட முடியாது என்பதால், முகத்துக்கு முகம் சந்திப்பதைத் தவிர்க்க இரு தரப்புக்கும் அது உதவுகிறது. ஆயினும் எல்லைச் சண்டைகளில் புலிகள் சாகத்தான் செய்கின்றன.

நகக்கீறல் இதே செய்திக்குக் கண்ணுக்குத் தெரியும் துணை. நகத்தின் பழைய மேலுறையை உரிப்பதும் அதில் நடக்கிறது என்பதால், கட்டுரையின் படத்துக்கு ‘நகம் தீட்டும் புலி’ என்று தலைப்பிட்டதை முற்றிலும் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் நகம் தீட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் எந்த மரமும் போதும். புலியோ பாதையோரத்து மரங்களுக்கே மீண்டும் மீண்டும் வருகிறது. பின்னங்கால்களில் எழுந்து நின்று மேலிருந்து கீழாக இழுப்பதால் கோடுகள் நீளமாகவும் செங்குத்தாகவும் ஓர் ஆள் உயரத்தை ஒட்டியும் அமைகின்றன. கரடியின் கீறல் அடிமரத்திலிருந்து உச்சியை நோக்கி, அது ஏறிய வழி முழுவதும் தெரியும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது புதிதாகக் காட்டுக்குச் செல்வோரிடம் சாதாரணம்.

குறிகளை எண்ணிப் புலிகளை எண்ணலாம் என்ற கூற்றுக்கு இப்போது வருகிறேன். நான் முக்கியமாக மறுக்க விரும்புவது இதைத்தான். ஒரே புலி எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் குறியிடுவதில்லை. சித்வனில் பெண்புலிகள் இணைசேரும் பருவத்துக்குச் சற்று முன்பாக மிகுதியாகக் குறியிட்டன. பருவம் தொடங்கியபின் அது குறைந்தது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியது. பெண்ணின் பருவம் சில நாள்களே நீடிக்கும். ஆணின் ஆட்சிப்பரப்போ பல பெண்புலிகளின் பரப்புகளை உள்ளடக்கிய பெரும்பரப்பு. ஒரு நாளில் அது அதன் எந்த மூலையில் இருக்கும் என்று பெண்ணுக்குத் தெரியாது. ஆகவே பருவம் வருமுன்பே பாதைகளில் அறிவித்துவைத்தால்தான் ஆண் உரிய நேரத்தில் அருகில் இருக்கும். பருவம் வந்தபின் உரக்கக் குரலெழுப்பி அழைக்கிறது. புதிதாக ஒரு பரப்பைக் கைப்பற்றும் புலியும், அது நிலைபெறும்வரை, வழக்கத்தைவிட மிகுதியாகக் குறியிடுகிறது.

இதை நம் காட்டுப்பாதை ஒன்றுக்குப் பொருத்திப் பாருங்கள். ஓர் ஓடைப் பாதையில் ஜனவரியில் நடந்த காவலர் ஐந்து மரங்களில் புதிய மணத்தைக் காண்கிறார் என்றும், பிப்ரவரியில் அதே பாதையில் பதினைந்தைக் காண்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். புலிகள் மும்மடங்கு ஆகிவிடவில்லை. அங்கிருக்கும் ஒரே பெண்புலி பருவத்தை நெருங்கியிருக்கலாம். அல்லது அண்டையில் இருந்த பழைய புலி இறந்து, புதிய புலி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது காரணம் உண்மையானால், குறிகள் கூடியிருக்கும் அம்மாதத்தில் புலிகளின் எண்ணிக்கை முன்பு இருந்ததே. மறுபுறம், தாயைப் பிரிந்து தனக்கென இடம் தேடித் திரியும் இளம்புலிகள் குறியிடுவது மிக அரிது. மரங்களை எண்ணுபவர் அவற்றைக் காணவே மாட்டார்.

ஆயினும் இக்குறிகள் கணக்கெடுப்புக்குப் பயன்படவே செய்கின்றன, வேறு விதத்தில். உல்லாஸ் கரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் செய்துகாட்டிய தானியங்கி கேமரா முறையே இன்று நாடெங்கும் பின்பற்றப்படுகிறது. பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமராவைப் பொருத்தினால் புலியின் இரு விலாக்களும் படமாகும். வரிகள் புலிக்குப் புலி வேறுபடுவதால் தனித்தனியே அடையாளம் காணலாம். அக்கேமராக்களை எங்கே பொருத்துவது என்று தீர்மானிக்கும்போது மணமுள்ள மரங்களையும் கீறல்களையும் தரையில் பின்னங்கால்களால் பறண்டிய தடங்களையும் எச்சத்தையும் தேடுகிறார்கள். புலி எங்கே நடக்கிறது என்பதைக் குறி சொல்கிறது. எத்தனை புலிகள் என்பதை வரிகள் சொல்கின்றன.

கோடை விடுமுறையில் முதுமலைக்கும் ஆனைமலைக்கும் செல்லும் சென்னைவாசிகள் பலர் தங்கள் இதழைப் படித்துவிட்டே புறப்படுகிறார்கள் என்பதால், மரக்குறிகளை எண்ணிப் புலிகளை எண்ணலாம் என்ற அந்த வரியையும், குறியிட்ட மரத்தைத் தாண்டி வேறு புலி வராது என்ற வரியையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.