அந்தச் சேறு சும்மா கிடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வெள்ளாற்று முகத்துவாரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "குடிக்கவும் ஆகாத, உப்பு எடுக்கவும் ஆகாத இரண்டுங்கெட்டான் தண்ணீர், அதில் பயனற்றுக் கிடக்கும் சேற்றுத் திட்டு" என்று எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதே ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அங்கே ஒரு டீ குடிக்கப் போயிருந்தால்கூட இந்த வாக்கியம் வந்திருக்காது.

நான் பரங்கிப்பேட்டையில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு தை மாதம் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி, ஆற்றில் உப்பளவு பார்த்தோம். கழியில் ஒரு பாட்டிலைக் கட்டி, மூடியில் கயிறு போட்டு, அடிமட்டத்துக்குப் போனதும் கயிற்றைச் சுண்டினால் அடித்தண்ணீர் நிரம்பும். முகத்துவாரத்தில் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு, அதாவது ஏறக்குறைய கடல். கொஞ்சம் உள்ளே வந்ததும் மேல் தண்ணீரில் 8 கிராம், அதே இடத்தில் அடியில் 27. நல்ல தண்ணீர் லேசானது, மேலே ஓடுகிறது. கடல் தண்ணீர் கனமானது, கடல் மட்டம் உயரும் ஏற்றத்தில் அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. கடலில் பொரித்து ஏறக்குறைய ஒரு செ.மீ. வளர்ந்த வெள்ளை இறால் குஞ்சு அந்த ஏற்றத்தில்தான் உள்ளே வருகிறது. தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வற்றம் தொடங்கியதும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நீந்திக் கரையேறும் பலம் அதற்கு ஏது?

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று நிருபர் யோசித்தாரா? ஆறு கொண்டுவரும் நுண்களிமண் நல்ல தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் உப்பு பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, கீழே படியும். இரண்டு தண்ணீரும் கலக்கிற இடத்தில் திட்டு உருவாக இது ஒரு முக்கியக் காரணம். வற்றத்தில் போய்ப் பாருங்கள்: சேற்றின் மேல் பழுப்பு நிறத்தில் வெல்வெட் மாதிரி ஒரு படலம் இருக்கும். நகத்தால் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் படகு வடிவில் டயாட்டம் பாசிகள். அவற்றைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளையும் புழுக்களையும்தான் இறால் குஞ்சும் இளம் மீனும் தின்கின்றன. மடவைக் குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் படலத்தையே மேயும். ஒன்றைக் கீறிக் காட்டினேன். குடல் நீளமாகச் சுருண்டு, உள்ளே எல்லாம் சேறு. ஒரு பையன் "பாவம் சார், மண்ணைத் தின்னிருக்கு" என்றான். அவனைவிட உங்கள் நிருபர் ஒன்றும் அதிகம் தெரிந்தவரில்லை.

"இரண்டுங்கெட்டான்" என்ற சொல்தான் நெஞ்சில் நிற்கிறது. மீனின் ரத்தத்தில் உப்பு கடல்நீரில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கடலில் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும், நல்ல தண்ணீரில் உள்ளே ஏறும். இரண்டையும் சரிக்கட்ட உழைக்க வேண்டும். நடுத்தர உப்பில் அந்த உழைப்பு குறைவு. எவ்வளவு மிச்சம் என்பது மீனுக்கு மீன் வேறுபடும். தண்ணீர் முழங்கால் அளவு, அதுவும் கலங்கல்; அங்கே பெரிய மீனால் சுலபமாக வேட்டையாட முடியாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் உப்பு ஒரேயடியாக இறங்கும்போது தாங்காத குஞ்சுகள் முகத்துவாரப் பக்கம் ஒதுங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அதை வைத்து இன்னொரு கட்டுரை வராமல் இருக்க.

எல்லாச் சேறும் ஒன்றல்ல, சரி. மேலே பழுப்பு, விரலை விட்டால் கீழே கறுப்பு என்றால் நல்ல சேறு. மேற்பரப்பே கறுத்து அழுகிய முட்டை நாறினால் அங்கே மூச்சுக்காற்று இல்லை, குஞ்சும் தங்காது. எங்கள் தெருவை ஒட்டிய திட்டின் ஓரத்தை ஒரு குத்தகைக்காரர் கிராவல் கொட்டி மேடாக்கி, நீரோட்டத்தை மறித்தார். அதன் பின்புறம் அடுத்த கோடையில் அப்படித்தான் ஆனது. அப்போது உங்களுக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் வெளிவரவில்லை. அதே மாதத்தில் மடவைப் படத்துக்குக் கீழே "கொடுவா" என்று அச்சிட்டீர்கள். அதைச் சுட்டிக்காட்டிய அஞ்சலட்டைக்கும் பதில் இல்லை. உங்களுக்கு வேலை அதிகம், புரிகிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் "பயனற்ற" என்ற ஒரு சொல்லுக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அப்புறம், அடுத்த அமாவாசை வற்றத்துக்கு நிருபரை அனுப்புங்கள். செருப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சேறு பிடுங்கிக்கொள்ளும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பரங்கிப்பேட்டை