ஆஃபர் தேதியைத் தள்ளிக் கேட்பது பற்றி மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய ஆஃபர் லெட்டரை ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். லண்டனில் முதுகலைக்கு இடம் கிடைத்ததில் உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் "ஜூன் 30க்குள் பதில் சொல்லணும், ரிசல்ட் ஜூலையில்தான் வரும், தேதியைத் தள்ளித் தரச் சொல்லிக் கேட்கப் போறேன்" என்று போனில் சொன்னாயே, அதை எழுதுவதற்கு முன் இதைப் படி. கல்லூரித் தேர்வுப் பிரிவில் வேலை பார்ப்பதால், கடைசி வருடப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் பார்க்கிறேன்.

உன் லெட்டரில் இருப்பது ஒரு தேதி இல்லை, இரண்டு. சம்மதம் சொல்லி 2,000 பவுண்டு முன்பணம் கட்ட ஜூன் 30. பட்டம் முடித்ததற்கான சான்று கொடுக்க ஜூலை 31. உனக்குக் கிடைத்திருப்பது நிபந்தனையோடு கூடிய ஆஃபர். 65 சதவீதம் வந்தால்தான் இடம் உறுதி. சம்மதம் சொல்வதற்கு மட்டும் என்றால் ரிசல்ட் வேண்டியதே இல்லை, இன்றைக்கே சொல்லிவிடலாம். மதிப்பெண் குறைந்தால் இடம் போகும், அவ்வளவுதான். சிக்கல் முன்பணத்தில் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள், மதிப்பெண் வராமல் இடம் போனால் பணத்தைத் திருப்பித் தருகின்றன. உன் லெட்டரின் கட்டணப் பகுதியை இரண்டு தடவை படித்தேன். விசா மறுக்கப்பட்டால் மட்டும் திருப்பித் தருவோம் என்றுதான் இருக்கிறது. அதனால் நீ தேதி கேட்பது நியாயம். ஆனால் காரணத்தை இப்படித் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெறுமனே "ரிசல்ட் வரவில்லை" என்று எழுதினால், "அதற்குத்தானே நிபந்தனையோடு கொடுத்திருக்கிறோம், சம்மதம் சொல்லலாமே" என்றுதான் பதில் வரும்.

அடுத்தது, எந்தத் தேதி வரை கேட்பது. "ரிசல்ட் வரும் வரை" என்று எழுதாதே. அவர்கள் கணினியில் போட ஒரு தேதி வேண்டும். அப்புறம், ரிசல்ட் வேறு, காகிதம் வேறு. போன வருடம் எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் ரிசல்ட் நாளைக் கணக்குப் பண்ணி அவகாசம் வாங்கினான். ரிசல்ட் இணையத்தில் சரியாக வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அனுப்பியதை அங்கே ஏற்கவில்லை. புரொவிஷனலும் எல்லா செமஸ்டரும் சேர்ந்த மார்க் ஷீட்டும் கைக்கு வரச் சில வாரம் ஆனது. மறுபடியும் கெஞ்சி எழுத வேண்டியதாயிற்று. ஆகவே எந்தக் காகிதத்தை ஏற்பீர்கள் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடு. புரொவிஷனல் வரும் வரை, எட்டு செமஸ்டர் மார்க் விவரத்தோடு கல்லூரி முத்திரையிட்ட படிப்பு முடித்த சான்றிதழை முதல்வர் அலுவலக மெயிலிலிருந்தே நேராக அனுப்பினால் போதுமா என்று கேள். சில இடங்களில் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

நான் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். வகுப்பு தொடங்குவது செப்டம்பர் 21. பிரிட்டனுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால் மாணவர் விசாவுக்குச் சாதாரணமாக மூன்று வாரம் ஆகும். கொஞ்சம் இடைவெளி விட்டால் ஆகஸ்ட் 21 வாக்கில் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அதற்கு முன்னால், விசா விண்ணப்பத்துக்குத் தேவையான சேர்க்கை உறுதி எண்ணை, அதாவது சிஏஎஸ் எண்ணை, பல்கலைக்கழகம் உனக்குத் தர வேண்டும். இடம் உறுதியான பிறகுதான் அதைத் தருவார்கள், அதற்கு இரண்டு வாரம் வைத்துக்கொள். அப்படியானால் உன் காகிதம் அவர்கள் கைக்குப் போக வேண்டிய கடைசி நாள் ஆகஸ்ட் 7. அதைத் தாண்டிக் கேட்டுக் கிடைத்தாலும் உனக்குப் பிரயோஜனம் இல்லை. கடைசிப் பரீட்சை மே 28இல் முடிந்தது. வழக்கமாக ஆறேழு வாரத்தில் ரிசல்ட் வருகிறது, அதாவது ஜூலை நடுவில். ஆகவே சம்மதத்துக்கும் முன்பணத்துக்கும் ஜூலை 24, சான்றுகளுக்கு ஆகஸ்ட் 7 என்று கேள். மறுமதிப்பீட்டுக்குப் போட்டு அதன் முடிவுக்காகக் காத்திருப்பதெல்லாம் இந்தக் கணக்கில் அடங்காது, அதை மனதில் வைத்துக்கொள்.

ஆதாரமில்லாமல் கேட்காதே. உன் கல்லூரித் தேர்வுப் பிரிவில் ஒரு போனஃபைட் வாங்கு. அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இறுதித் தேர்வு மே 28இல் முடிந்தது, ஏழு செமஸ்டர் வரை அரியர் இல்லை, எட்டாம் செமஸ்டர் முடிவு வழக்கப்படி ஜூலையில் எதிர்பார்க்கப்படுகிறது. "இந்தத் தேதியில் வரும்" என்று எழுதித் தரச் சொல்லி மல்லுக்கட்டாதே. ரிசல்ட் தேதி பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது, எந்த முதல்வரும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். நான் இருந்தாலும் விடமாட்டேன். ஏழு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் சேர்த்து வை. 78 சதவீதம் வைத்திருக்கிறாய், 65 வரும் என்று அவர்கள் பார்த்தவுடன் நம்புவார்கள்.

ஆங்கிலத்தில் நீயே அழகாக எழுதுவாய். சாரம் இப்படி இருக்கட்டும்:

"என் விண்ணப்ப எண் இது, படிப்பு இது. இடம் கொடுத்ததற்கு நன்றி, சேரவே விரும்புகிறேன். எட்டாம் செமஸ்டர் முடிவு ஜூலை நடுவில் எதிர்பார்க்கப்படுகிறது. நிபந்தனை நிறைவேறாமல் போனால் முன்பணம் திரும்பக் கிடைக்காது என்று ஆஃபர் விதியிலிருந்து புரிந்துகொள்கிறேன். ஆகவே சம்மதத்துக்கும் முன்பணத்துக்குமான தேதியை ஜூலை 24க்கும், சான்றுகளுக்கான தேதியை ஆகஸ்ட் 7க்கும் மாற்றித் தர இயலுமா? கல்லூரிக் கடிதமும் மார்க் ஷீட்டுகளும் இணைத்திருக்கிறேன். முன்பணத் தேதியை மாற்ற முடியாதென்றால், மதிப்பெண் குறைந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் தெரிவியுங்கள்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. தேதியை மாற்ற மறுக்கிறவர்கள்கூட, பணம் திரும்பும் என்று எழுதித் தரலாம். அப்படி வந்தால் தேதியே வேண்டாம், கட்டிவிடலாம். வேறு பல்கலைக்கழகத்தின் பதிலுக்காகவும் காத்திருக்கிறாய் என்பதை இதில் கலக்காதே. கேட்டால் மறைக்காமல் சொல், ஆனால் தேதி கேட்பதற்கு அது காரணம் ஆகாது.

இந்த வாரமே அனுப்பு. மதியம் இரண்டு மணிக்கு அனுப்பினால் அங்கே காலை ஒன்பதரை, ஆபீஸ் திறந்திருக்கும். "உங்கள் மெயில் கிடைத்தது" என்று வருவது தானாக வரும் பதில், அதை அவகாசம் என்று நினைத்துவிடாதே. புதுத் தேதி போட்ட மெயில் வர வேண்டும், உன் போர்ட்டலிலும் அந்தத் தேதி மாறியிருக்க வேண்டும். சில இடங்களில் தேதி தாண்டினால் ஆஃபர் தானாகவே காலாவதி ஆகிவிடும். ஜூன் 22 வரை பதில் வராவிட்டால் போன் போடு. உதவித்தொகைக்குத் தனியாக ஒரு தேதி இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேள். ஒன்று தள்ளினால் மற்றது தானாகத் தள்ளாது.

பணத்தைப் பற்றி யோசிக்காதே. விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஜூலை 15க்குள் டெபாசிட்டை உடைத்து என் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுகிறேன். என் கணக்கைக் காட்ட உன் பிறப்புச் சான்றிதழும் என் சம்மதக் கடிதமும் வேண்டும், இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். போனஃபைட் வாங்கியதும் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, தேதிகளும் முத்திரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா