கதை முடிந்து குழுவுக்குப் போகும் நேரம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்து நிம்மதி. இங்கே எல்லாரும் நலம்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் கதை முடிந்து 28 பிள்ளைகளும் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி மூன்று குழுவாகப் பிரிந்து உட்கார எட்டு நிமிடம் ஆகிறது, கைதட்டினால் சத்தம் இன்னும் கூடுகிறது என்று எழுதியிருந்தாய். கூடத்தான் செய்யும். நீ தட்ட, அவர்கள் பதிலுக்குத் தட்ட, அது அவர்களுக்கு விளையாட்டாகிவிடுகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அதில் இல்லை. பதில் தட்டு முடிந்ததும் இரண்டு கையும் தலைமேல் போக வேண்டும் என்று பழக்கு. பென்சிலும் தானாகக் கீழே போய்விடும், யார் கவனிக்கவில்லை என்பதும் ஒரே பார்வையில் தெரியும்.

ஒரே ஒரு முறை தட்டு. மூன்று முறை தட்டினால் மூன்றாவதுதான் உண்மையானது என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். தட்டிவிட்டு ஐந்து விநாடி பேசாமல் நில். இன்னும் பேசுகிறவன் பக்கத்தில் போய் நின்றால் போதும், பெயர் சொல்லிக் கூப்பிடாதே. சலசலப்புக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்வது பாதிப் பேருக்குத்தான் கேட்கும். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்கள், மறுபடி இரைச்சல்.

அமைதி வந்த பிறகும் "குழுவுக்குப் போங்க" என்று தொடங்காதே. "போங்க" காதில் விழுந்ததுமே எழுந்துவிடுவார்கள், பின்னால் சொல்வது எதுவும் ஏறாது. "நான் 'இப்போ' என்று சொன்ன பிறகுதான் எழ வேண்டும்" என்று முதலில் சொல். பிறகு எங்கே உட்கார வேண்டும், உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும், இந்த இரண்டு மட்டும். ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல். அதற்கப்புறம் "இப்போ".

உன் வகுப்பில் நேரம் அதிகம் போவது அலமாரி முன்னால்தான் என்று நினைக்கிறேன். 28 பேரும் ஒரே நேரத்தில் பயிற்சி நூல் எடுக்கப் போனால் தள்ளுமுள்ளு வராமல் இருக்காது. கதை தொடங்கும் முன்பே மலர் பாயிலும் மொட்டுப் பாயிலும் நூல்களை வைத்துவிடு. தானாக வேலை செய்யக்கூடிய மலர் குழு முதலில் எழட்டும், அவர்கள் உட்கார்ந்ததும் மொட்டு. அரும்புப் பிள்ளைகள் உன்னோடு கதை கேட்ட இடத்திலேயே இருக்கட்டும். உனக்கும் இடம் மாற வேண்டியதில்லை. மூன்று குழுவையும் ஒன்றாக எழுப்புவதைவிட இது வேகம்.

பாதி வேலையில் நிறுத்தச் சொன்னால் அழுகிற பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். கைதட்டுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே அருகில் போய், "இந்தப் படம் மட்டும் முடி, அப்புறம் மாறப் போகிறோம்" என்று மெதுவாகச் சொல். காது மந்தமான பிள்ளைக்குத் தட்டும்போதே கையையும் உயர்த்திக் காட்டு.

முதல் வாரம் தினம் இரண்டு முறை, அவசரமில்லாத நேரத்தில், இதை வெறும் பயிற்சியாகச் செய்து பார். கை தட்டியதிலிருந்து கடைசிப் பிள்ளையின் பென்சில் தாளைத் தொடும் வரை கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வை. இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால், எந்த இடத்தில் நின்றது என்று எழுது.

அன்புடன்,
வசந்தி